மூன்று அத்தியாயம் தள்ளிப் பார்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே பேத்திக்குப் பரீட்சை, அதனால் வீட்டில் டிவி கிடையாது. சரி, பாகவத விஷயத்துக்கு வருகிறேன்.

யாரோ தந்த குறிப்பில் "பகவானபி தா ராத்ரீ:" சுலோகத்துக்கு 10.26.1 என்று போட்டிருந்தது, உன் புத்தகத்தைப் பிரித்தால் அங்கே கோபர்கள் நந்தகோபரிடம் கண்ணனின் பராக்கிரமத்தை வியந்து பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். குறிப்பும் தப்பில்லை, உன் புத்தகமும் தப்பில்லை.

முதல் எண் ஸ்கந்தம், அடுத்தது அத்தியாயம், கடைசி சுலோகம். இது உனக்குத் தெரியும். சிக்கல் நடு எண்ணில்தான். நம் கையில் இருக்கும் பெரும்பாலான பதிப்புகளில் பத்தாம் ஸ்கந்தத்துக்கு 90 அத்தியாயங்கள். வல்லபாசாரியார் அதில் மூன்றை, அதாவது 12, 13, 14-ஐ, பின்னால் சேர்ந்தவை என்று ஒதுக்கினார். அகாசுர வதம், பிரம்மா கன்றுகளையும் சிறுவர்களையும் ஒளித்து வைத்தது, பிறகு வெட்கி அவர் செய்த துதி ஆகியவை அவை. அவற்றை எண்ணாமல் போனால் நம் 15-ஆவது அத்தியாயம் அவர் வழியினருக்கு 12 ஆகிவிடும். ராச பஞ்சாத்தியாயீ நமக்கு 29 முதல் 33 வரை, அவருடைய வழியில் 26 முதல் 30 வரை. உனக்கு வந்த குறிப்பு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மூன்றைக் கூட்டி 10.29.1-ஐப் பார், "சாரதோத்புல்ல மல்லிகா:" என்று மல்லிகை பூத்திருக்கும்.

(அந்தப் பிரம்ம துதியை ஒதுக்க எனக்கு மனசு வராது. அது வேறு கதை.)

பத்தாம் ஸ்கந்தத்தில் 11-ஆம் அத்தியாயம் வரைக்கும் இந்தக் குழப்பம் இல்லை. மற்ற ஸ்கந்தங்களில் எண் இடித்தால் இதைக் காரணம் சொல்லாதே.

சுலோக எண் ஒன்றிரண்டு தள்ளிப்போவது இன்னும் சகஜம். தாமிரபரணி, காவிரி எல்லாம் வருமே, "கலௌ கலு பவிஷ்யந்தி" என்ற இடம், அது 11.5.38-40. அதில் 40-ஆவது "காவேரீ ச மஹாபுண்யா" இரண்டு வரியில் முடியாது, மூன்று வரி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பதிப்பாளர் மூன்றாவது வரிக்குத் தனி எண் கொடுத்துவிட்டால், அதற்குப் பின் அந்த அத்தியாயம் முடியும்வரை எண் நகர்ந்துவிடும். "உவாச" வரிக்கு எண் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

அதனால் நான் நோட்டில் எண்ணோடு முதல் பாதத்தையும் எழுதிவைக்கிறேன். எண் பொய்த்தாலும், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சுலோக அகராதியில் முதல் எழுத்தை வைத்துத் தேடிக்கொள்ளலாம். அந்த 10.26 குறிப்பின் பக்கத்தில் நீயும் "பகவானபி" என்று எழுதிவிடு.

அப்புறம், மாசியில் வருவதாகச் சொன்னாயே, தேதி எழுது.

உன்
சேது