பார்க்கிங் சீட்டு தொலைந்ததற்கு 760 ரூபாய்: திருப்பித் தரக் கேட்டு புகார்

வாகன நிறுத்தப் பிரிவு மேலாளருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலை 11.20-க்கு உங்கள் மாலுக்குள் காரில் வந்தோம். படம், சாப்பாடு, அப்புறம் பிள்ளைகளுக்குத் துணி என்று நேரம் ஓடிவிட்டது. மாலை 5.15-க்கு வெளியே போகும் கேட்டில் நிற்கும்போதுதான் பார்க்கிங் சீட்டு காணோம் என்று தெரிந்தது. தொலைத்தது நான்தான், அதை மறுக்கவில்லை.

உங்கள் பலகையில் இருப்பது இதுதான்: வார இறுதியில் முதல் 2 மணி நேரத்துக்கு 60 ரூபாய், பிறகு ஒவ்வொரு மணிக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 40. 2,000 ரூபாய்க்கு மேல் பில் காட்டினால் 2 மணி நேரம் இலவசம். சீட்டு தொலைந்தால் 500.

நான் கேட்டுக்கு வந்தபோது ஆகியிருந்தது 5 மணி 55 நிமிடம். அதாவது 6 மணிக் கணக்கு, 60 + 160 = 220. துணிக்கடை பில்லை 4 மணிக்கே தகவல் கவுண்டரில் காட்டி ஸ்கேன் செய்தாயிற்று, அங்கிருந்த பெண் வண்டி எண்ணையும் பதிந்துகொண்டார். இலவச 2 மணியை முதல் ஸ்லாபில் கழித்தால் 160, மொத்த நேரத்தில் கழித்தால் 140. எது சரி என்று பலகையில் எழுதவில்லை, நான் 160 என்றே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஊழியர் வாங்கியது 760. சீட்டு இல்லாததால் சலுகை கிடையாது என்றார். பேசிக்கொண்டிருந்ததில் மணி 5.40 ஆகிவிட, ஏழாவது மணியும் ஏறி 220 என்பது 260 ஆனது, உங்களோடு வாதாடிய நேரத்துக்கும் நானே வாடகை கட்டினேன்.

சீட்டு இல்லாவிட்டால் உள்ளே வந்த நேரம் தெரியாது, அதனால்தான் அபராதம் என்கிறீர்கள், சரி. ஆனால் கேமரா எடுத்த நம்பர் பிளேட் படமும் 11.20 என்ற நேரமும் அவர் எதிரே இருந்த திரையிலேயே இருந்தது, அதை வைத்துத்தான் 260 போட்டார்! வண்டி திருட்டைத் தடுக்கத்தான் என்றால், ஆர்சி புத்தகத்தைக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. 500-க்கு ஒரு துண்டுத்தாளில் கையால் எழுதிக் கொடுத்தார், அதில் ஜிஎஸ்டி எண்கூட இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. உங்களுக்கு ஆன இழப்பு ஒரு காகிதச் சீட்டு. அதற்கும் சரிபார்த்த சிரமத்துக்கும் 50 ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள், மீதி 550-ஐத் திருப்பிக் கொடுங்கள், வைத்துக்கொள்ளும் 210-க்கு முறையான பில் அனுப்புங்கள்.

இரண்டு ரசீதுகளையும் துணிக்கடை பில்லையும் இணைத்திருக்கிறேன். அன்றைய கேமரா பதிவை அழித்துவிட வேண்டாம். 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் புகார் செய்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்