ராத்திரி மிஞ்சிய சோறும் காலையில் வரும் வாந்தியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இரண்டாம் பாடவேளையில் திடீரென்று வாந்தி வந்தது. அரை மணி நேரத்துக்குள் நான்கைந்து முறை எடுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். மாலைக்குள் தெளிந்துவிட்டாள். அவளுடைய அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் செய்தது நம்மில் பாதிப் பேர் வீட்டில் தினமும் நடப்பதுதான். அதனால் யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

முந்தைய நாள் இரவு ஏழு மணிக்குச் சோறு வடித்திருக்கிறார்கள். எல்லோரும் சாப்பிட்டதுபோக மிஞ்சியதை அதே பாத்திரத்தில் மூடி அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டார்கள். காலை ஆறே முக்காலுக்குக் கடுகு, கடலைப்பருப்பு தாளித்து, அந்தச் சோற்றைப் போட்டு நன்றாகச் சூடாகக் கிளறி, எலுமிச்சை பிழிந்து கொடுத்திருக்கிறார். பிள்ளை எட்டு மணிக்குச் சாப்பிட்டாள், பத்தேகாலுக்கு வாந்தி. அவளுடைய தம்பி நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இரவு அவனும் அதே சோற்றைத்தான் சாப்பிட்டான். ஆனால் காலையில் பள்ளியில் கொடுக்கும் உணவைச் சாப்பிட்டதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வடித்த சோற்றில் கெடுதல் இல்லை, ராத்திரி முழுக்க அது வெளியில் இருந்ததில்தான் கெடுதல் என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

“சூடு பண்ணித்தானே சார் கொடுத்தேன், கிருமி செத்திருக்காதா?” என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கிருமி செத்திருக்கும். ஆனால் பிள்ளையை வாந்தி எடுக்க வைத்தது கிருமி இல்லை, அது சோற்றில் விட்டுவைத்த நஞ்சு.

அந்தக் கிருமியின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் இருப்பது, அதனால் நெல்லோடும் அரிசியோடும் வீட்டுக்கு வந்துவிடும். அரிசியை எத்தனை முறை களைந்தாலும் முழுதாகப் போகாது. சூடோ வறட்சியோ வந்தால் இது கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு, விதை மாதிரி உறங்கிவிடும். அதை வித்து என்கிறோம். சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் சாகின்றன, வித்துகளில் சில தப்பிவிடுகின்றன. சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது அவை விழித்து முளைக்கின்றன. ஈரம், மாவுச்சத்து, 30 டிகிரியை ஒட்டிய சூடு, போட்டிக்கு வேறு கிருமி இல்லை. நம் ஊர் ராத்திரியே அதற்குத் தோதானது.

இந்தச் சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்தில் பத்து முறை இரட்டிக்கும், அதாவது சுமார் ஆயிரம் மடங்கு. பத்து மணி நேரம் போனால் பத்து லட்சம் மடங்கு. காலையில் வடித்து மதியம் சாப்பிடும் சோற்றுக்கும், ராத்திரி வடித்துக் காலையில் கிளறும் சோற்றுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கூட்டம் பெருகியபின் அது செரியுலைட் என்ற நஞ்சைச் சோற்றில் சேர்க்கிறது. இந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நம் வாணலியில் ஐந்து நிமிடம் கிளறுவது அதை ஒன்றும் செய்யாது. எலுமிச்சைப் புளிப்பும் அதை முறிக்காது, வயிற்று அமிலமும் முறிக்காது. மணமோ ருசியோ காட்டிக்கொடுக்காது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த அம்மா முகர்ந்து பார்த்துத்தான் கிளறினார். நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நஞ்சு உணவிலேயே தயாராக இருப்பதால்தான் வாந்தி இவ்வளவு சீக்கிரம் வருகிறது. கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருக வேண்டிய வேலையே இல்லை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அன்று சோற்றைச் சோதனைக்கு அனுப்பவில்லை. ஆனாலும் சாப்பிட்ட உணவையும் இந்த நேரக் கணக்கையும் வைத்து மருத்துவர் இதைத்தான் சந்தேகித்தார். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்கு இப்படித்தான் ஆனது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சோறு கட்டி தட்டிவிடும் என்று, மொத்தமாக வடித்து ராத்திரி வெளியிலேயே விட்டு, மறுநாள் சட்டென்று வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதே எலுமிச்சை சாதக் கதைதான்.

சரி, மிஞ்சும் சோற்றை என்ன செய்வது? குளிர்சாதனப் பெட்டி இருந்தால், வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். பாத்திரத்தோடு அப்படியே வைக்காதீர்கள். குவியலாக இருக்கும் சோற்றின் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, தட்டையான டப்பாவில் மெல்லிசாகப் போட்டு வையுங்கள். மறுநாளே எடுத்துச் சூடுபண்ணித் தீர்த்துவிடுங்கள். பெட்டி இல்லாத வீட்டில், ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் அளந்து வடிப்பதுதான் வழி.

பழைய சோறு பற்றி நிச்சயம் கேட்பீர்கள். சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தால் வேறு நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும், அந்தப் புளிப்பில் இந்தக் கிருமி வளரத் திணறும். அதனால் அதையும் மூடிவைத்த வெறும் சோற்றையும் ஒன்றாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த சோற்றில் காலையில் தண்ணீரோ மோரோ ஊற்றினால் அது பழையது ஆகிவிடாது. அதற்குள் நஞ்சு உண்டாகியிருக்கலாம்.

வீட்டில் பிள்ளைக்கு இப்படி வாந்தி வந்தால், கடைசியாக என்ன சாப்பிட்டது, அது எப்போது வடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாந்தி சற்று ஓய்ந்ததும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், மடமடவென்று குடித்தால் திரும்ப வந்துவிடும். நஞ்சால் வரும் வாந்திக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை உதவாது, கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சலோ இரத்தமோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அபூர்வமாக இந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும். 2003இல் பெல்ஜியத்தில் பாஸ்தா சாலட் சாப்பிட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைகளில் ஒரு சிறுமி இறந்தே போனாள்.

காலை அவசரம் எனக்குத் தெரியும், சோற்றைக் கொட்ட மனசு வராது என்பதும் தெரியும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு பள்ளியிலேயே இருக்கிறது, எட்டாம் வகுப்பு வரை மதியம் சத்துணவு உண்டு. வீட்டில் ராத்திரிச் சோறு மட்டும்தான் இருக்கிறது என்றால் டப்பா இல்லாமலே அனுப்புங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வரும்படி ஆகிவிட்டால், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்