எதில் எத்தனை விழுக்காடு? அறுவைப் பிரசவ எண்கள் குறித்துத் தேசியக் குடும்பநல ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மும்பை சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் தேசியக் குடும்பநல ஆய்வைத் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஐந்தாம் சுற்று ஆய்வின் (2019-21) தமிழ்நாட்டு விவரத்தாளில் அறுவைப் பிரசவம் பற்றி மூன்று வரிகள் உள்ளன. அந்த மூன்று வரிகளை வைத்து மேடைகளிலும் செய்திகளிலும் நடக்கும் வாதங்களில் பாதிக்கு மேல் எண்களைத் தவறாகப் படித்ததால் விளைந்தவை என்பது என் கணிப்பு. தவறு படிப்பவர்களுடையதே என்றாலும், அதற்கு இடம் கொடுப்பது தாளின் அமைப்பு. தமிழ்நாட்டு வாசகர்களும் இந்தக் கணக்கைப் பின்தொடர வேண்டும் என்று விரும்புவதால் உங்களுக்கான மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் எண்கள். தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் என்கிறது முதல் வரி. தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 36.0 விழுக்காடு சிசேரியன் என்கின்றன அடுத்த இரண்டும். நான்காம் சுற்றில் (2015-16) இதே மூன்று எண்கள் முறையே 34.1, 51.3, 26.3 ஆக இருந்தன. வரிகளின் தலைப்புகளில் நீங்கள் பிழை எதுவும் செய்யவில்லை. எதில் விழுக்காடு என்பதை ஒவ்வொரு தலைப்பும் சரியாகவே சொல்கிறது. ஆனால் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் இந்த மூன்று விழுக்காடுகளுக்கும் பகுதி எண், அதாவது வகுக்கும் எண், வெவ்வேறு. முதல் வரிக்கு மாநிலத்தின் எல்லாப் பிரசவங்களும் பகுதி, இரண்டாவதற்குத் தனியாரில் நடந்தவை மட்டும், மூன்றாவதற்கு அரசு மருத்துவமனைகளில் நடந்தவை மட்டும். பகுதி வேறானால் விழுக்காடுகளை நேருக்கு நேர் கூட்டவும் கழிக்கவும் முடியாது என்பது பள்ளியிலேயே படித்ததுதான், ஆனால் அச்சில் அவை அடுத்தடுத்து நிற்கும்போது கண் அதை மறந்துவிடுகிறது.

சில காலத்துக்கு முன் நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், "தமிழ்நாட்டின் சிசேரியன்களில் 64 விழுக்காடு தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது" என்ற வாசகம் திரையில் வந்தது. அவையில் எவரும் அதை மறுக்கவில்லை. அந்த வாசகம் உங்கள் இரண்டாம் வரியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. தனியாரில் நடக்கும் பிரசவங்களில் 64 விழுக்காடு சிசேரியன் என்பது ஒரு கூற்று, சிசேரியன்களில் 64 விழுக்காடு தனியாரில் நடக்கிறது என்பது முற்றிலும் வேறொரு கூற்று. இரண்டாவது கூற்று உண்மையா என்று அறிய, பிரசவங்கள் எங்கே எத்தனை நடக்கின்றன என்ற எண் வேண்டும். அந்த எண் உங்கள் தாளிலேயே, சில வரிகள் மேலே, தனியாகக் கிடக்கிறது. தமிழ்நாட்டின் பிரசவங்களில் 66.9 விழுக்காடு அரசு மருத்துவமனைகளில் நடந்தவை.

ஆயிரம் பிரசவங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் 669 அரசு மருத்துவமனைகளில் நடந்தன. அவற்றில் 36 விழுக்காடு என்றால் சுமார் 241 சிசேரியன்கள். மாநிலத்தின் மொத்தம் ஆயிரத்துக்கு 449. ஆகவே தனியாருக்கு எஞ்சுவது 208. இந்த 208 என்பது 63.8 விழுக்காடாக இருக்க வேண்டுமானால் தனியாரில் சுமார் 326 பிரசவங்கள் நடந்திருக்க வேண்டும். 669-உம் 326-உம் சேர்ந்து 995 ஆகிறது. மாநிலத்தில் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்கள் 99.6 விழுக்காடு என்று நீங்கள் தந்துள்ள எண்ணோடு, தசமத்தைச் சுருக்கியதால் வரும் சிறு வேறுபாட்டைத் தவிர, இது பொருந்தி வருகிறது. எனவே கணக்கு சரியான தடத்தில்தான் இருக்கிறது. சிசேரியன்களில் தனியாரின் பங்கு 64 விழுக்காடு அன்று, சுமார் 46 விழுக்காடு. மீதி 54 விழுக்காடு அரசு மருத்துவமனைகளில் நடந்தவை.

இதனால் தனியார் மருத்துவமனைகளின் மீதான கேள்வி மறைந்துவிடவில்லை. தனியார் மருத்துவமனைக்குள் நுழையும் பெண்ணுக்கு அறுவை நடக்கும் வாய்ப்பு அரசு மருத்துவமனையில் இருப்பதைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு என்பது உண்மைதான், அது விளக்கம் கோரும் உண்மையும்கூட. ஆனால் மாநிலத்தின் சிசேரியன் எண்ணிக்கையைக் குறைக்கத் திட்டமிடும் ஒருவர் அரசு மருத்துவமனைகளை ஒதுக்கிவிட்டுத் திட்டமிட்டால், பாதிக்கு மேற்பட்ட அறுவைகளைப் பார்க்காமலேயே திட்டமிடுகிறார்.

இரண்டு சுற்றுகளை ஒப்பிடும் இடத்தில் குழப்பம் இன்னும் கூடுகிறது. 34.1-இலிருந்து 44.9-க்கு உயர்ந்ததைப் பலர் "10.8 விழுக்காடு உயர்வு" என்று எழுதுகிறார்கள். உயர்ந்தது 10.8 விழுக்காட்டுப் புள்ளிகள். முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 32 விழுக்காடு உயர்வு. ஆயிரம் பிரசவங்களில் முன்பு 341 பேருக்கு அறுவை நடந்தது, ஐந்தாம் சுற்றில் 449 பேருக்கு, அதாவது 108 பேர் கூடுதல் என்று சொன்னால் எவருக்கும் ஐயம் வராது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. "யாரிடம் வேகமாக உயர்ந்தது?" என்ற கேள்விக்கு உங்கள் தாளிலிருந்தே இரண்டு எதிரெதிர் விடைகளை எடுக்கலாம். புள்ளிக் கணக்கில் தனியார் 12.5 உயர்ந்தது, அரசு 9.7 உயர்ந்தது. ஆகவே தனியாரில்தான் வேகம். முந்தைய அளவோடு ஒப்பிட்ட கணக்கிலோ தனியார் சுமார் 24 விழுக்காடு, அரசு சுமார் 37 விழுக்காடு. ஆகவே அரசில்தான் வேகம். வாதிட வருபவர் தமக்கு உகந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம், கணக்கில் பிழை என்று அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நான்காம் சுற்றுக்கும் மேலே செய்த கணக்கைச் செய்து பார்த்தேன். அப்போது அரசு மருத்துவமனைகளின் பங்கு 66.7 விழுக்காடு. ஆயிரம் பிரசவங்களில் அரசு மருத்துவமனைகளில் சுமார் 175 சிசேரியன்கள், தனியாரில் சுமார் 166. கூடிய 108-இல் அரசு மருத்துவமனைகளில் கூடியது 66, தனியாரில் கூடியது 42. உயர்வின் ஐந்தில் மூன்று பங்கு அரசு மருத்துவமனைகளிலிருந்து வந்திருக்கிறது. நான் படித்த செய்திகள் எதிலும் இந்த ஒரு வாக்கியத்தைக் காணவில்லை. பிரசவம் நடந்த இடம் ஒரு வரியிலும் அறுவை மற்றொரு வரியிலுமாகப் பிரிந்து நிற்கும்வரை அது எவர் கண்ணிலும் படாது.

அரசு மருத்துவமனைகள் என்ற சொல்லே பலவற்றை ஒன்றாக மூடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலும் சுகப்பிரசவங்களை மட்டும் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், சிக்கலான பிரசவங்கள் அனுப்பிவைக்கப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்கான சீமாங்க் மையங்களும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் அந்த ஒரே பகுதி எண்ணுக்குள் அடங்கியுள்ளன. 36 என்பது இவற்றின் சராசரி. பெரிய மருத்துவமனையில் அது கட்டாயம் கூடுதலாக இருக்கும், அப்படி இருப்பதே குற்றமும் ஆகாது.

அடுத்து, 15 விழுக்காடு என்ற எல்லை. 1985-இல் பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில் உலக சுகாதார அமைப்பு கூட்டிய கூட்டம், எந்த வட்டாரத்திலும் சிசேரியன் 10 முதல் 15 விழுக்காட்டைத் தாண்டுவதற்கு நியாயம் இல்லை என்றது. இதைக் கொண்டு 45-இலிருந்து 15-ஐக் கழித்து, "30 விழுக்காடு தேவையற்ற அறுவைகள்" என்று எழுதுகிறார்கள். 2015-இல் அதே அமைப்பு வெளியிட்ட அறிக்கை இன்னும் கவனமானது. மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகும்போது தாய், பச்சிளங்குழந்தை இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று சொன்ன கையோடு, குறிப்பிட்ட விழுக்காட்டை எட்ட முயல்வதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் அது கூறியது. மக்கள்தொகைக்குச் சொன்ன எண்ணை ஒரு மருத்துவமனைக்கு அளவுகோலாக்க முடியாது. எந்த அறுவை தேவையற்றது என்பதைக் கழித்தல் கணக்கு காட்டாது. அதற்காகத்தான் அந்த அமைப்பு ராப்சன் வகைப்பாட்டைப் பரிந்துரைத்தது. முதல் பிரசவமா, முன்பு அறுவை நடந்ததா, குழந்தை தலை கீழாக உள்ளதா, வலி தானாக வந்ததா என்பன போன்றவற்றைக் கொண்டு பெண்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவில் அறுவை மிகுகிறது என்று அது பார்க்கிறது. முதல் பிரசவத்தில் அறுவை மிகுந்த மாநிலத்தில், முன்பு அறுவை நடந்தவர்களின் குழு சில ஆண்டுகளில் தானாகவே பெருத்துவிடும் என்பதை அந்தப் பிரிப்பு மட்டுமே காட்ட வல்லது. வீட்டுக்குச் சென்று கேட்கும் உங்கள் ஆய்வால் இது முழுவதையும் திரட்ட முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அறுவை முடிவு வலி தொடங்கும் முன்பா பின்பா எடுக்கப்பட்டது என்று நீங்கள் கேட்கிறீர்கள். அந்த விடைக்கு விவரத்தாளில் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆண்டு பற்றியும் ஒரு சொல். தாளின் தலைப்பில் 2019-21 என்று இருந்தாலும், இந்த வரிகள் ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுப் பிரசவங்களைச் சொல்கின்றன. ஏறிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணின் ஐந்தாண்டுச் சராசரி, கடைசி ஆண்டின் நிலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை மாவட்டத் தாள்கள். 25 முதல் 49 பேர் வரை மட்டுமே மாதிரியில் இருந்தால் எண்ணை அடைப்புக்குறிக்குள் இடுகிறீர்கள், 25-க்கும் குறைந்தால் நட்சத்திரக் குறி இட்டு எண்ணையே விட்டுவிடுகிறீர்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் செய்தியாகும்போது முதலில் உதிர்வது அந்த அடைப்புக்குறி. ஒரு மாவட்டத்தில் தனியார் பிரசவங்கள் 40 மாதிரியில் இருந்து, அவற்றில் 60 விழுக்காடு சிசேரியன் என்று வந்தால், எளிய கணக்கிலேயே உண்மை எண் 45-க்கும் 75-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கொத்துக் கொத்தாக வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் உங்கள் முறையில் அந்த இடைவெளி பொதுவாக இன்னும் விரியும். அப்படியிருக்க, 60 பெற்ற மாவட்டத்தை 52 பெற்ற மாவட்டத்துக்கு மேலே வைத்துத் தரவரிசை போடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆனாலும் போடுகிறார்கள், அதைக் காட்டி மாவட்ட அலுவலர்களிடம் விளக்கமும் கேட்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இனி வரும் சுற்றுகளின் தாளில், சிசேரியன் பற்றிய மூன்று வரிகளுக்கு அடுத்து, ஆயிரம் பிரசவங்களில் அரசில் நடந்த சிசேரியன் எத்தனை, தனியாரில் நடந்தது எத்தனை என்று ஒரே ஒரு வரியைச் சேருங்கள். மாவட்டத் தாளில் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பக்கத்தில் மாதிரியில் இருந்த பிரசவங்களின் எண்ணிக்கையையும், உண்மை எண் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் அச்சிடுங்கள். தாள் ஒரு பக்கம் நீண்டாலும் நீளட்டும். மூல அட்டவணைகளும் தரவும் கேட்பவர்களுக்குக் கிடைக்கின்றன என்று நீங்கள் விடை சொல்லக்கூடும். கிடைக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாலைக்குள் செய்தியை முடிக்க வேண்டிய நிருபரும், மறுநாள் கூட்டத்துக்குக் குறிப்பு எழுத வேண்டிய அலுவலரும் திறப்பது அந்த விவரத்தாளை மட்டுமே.

இந்தக் கணக்கில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்தி வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்