பொத்தானும் அதில் தொங்கும் நூலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைந்த பொத்தான்களைச் சேர்த்து, அவை யாருடைய கோட்டிலிருந்து விழுந்தவை என்று கண்டறியும் சிறுவனின் கதையைச் சிறுவர் பக்கத்தில் படித்தேன். குன்னூரில் முப்பது ஆண்டுகள் கோட்டு தைத்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கதையில் அவன் நிறத்தை வைத்தே உரியவரைக் கண்டுபிடித்துவிடுகிறான்; ஆனால் ஒரே பழுப்பு நிறப் பொத்தான் பத்துக் கோட்டுகளில் இருக்கும்.

அவன் முதலில் அளவைப் பார்த்திருக்க வேண்டும். கோட்டின் முன்பக்கப் பொத்தான் ஏறத்தாழ 20 மில்லிமீட்டரும், கைமுனைப் பொத்தான் 15 மில்லிமீட்டரும் இருக்கும். அடுத்தது துளைகளில் எஞ்சிய நூல். தடித்த துணி காஜாவுக்குள் சுருங்காமல் இருக்க, முன்பக்கப் பொத்தானுக்கு அடியில் நூலைச் சுற்றிச் சிறு தண்டு விடுவோம். அந்தத் தண்டு நைந்து அறுந்திருந்தால் பொத்தான் தானாக விழுந்தது, நூலோடு துணியின் பிசிறும் வந்திருந்தால் எங்கோ மாட்டி இழுபட்டுப் பிய்ந்தது. பிய்ந்ததென்றால் உரியவரின் கோட்டில் சிறு கிழிசல் இருந்தே தீரும்.

கதையில் வரும் கிழவரின் கோட்டைப் பார்த்ததுமே சிறுவன் பொத்தானை நீட்டிவிடுகிறான். பல கோட்டுகளில் உள்பக்கத் தையலோரம் மாற்றுப் பொத்தான் ஒன்றைத் தைத்திருப்பார்கள் (பலர் அதைக் கவனிப்பதே இல்லை). அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தால், என் பேத்தி, "அது அவரோடதுதான்னு எப்படித் தெரியும் தாத்தா?" என்று கேட்டிருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரர், குன்னூர்.