முகவரியை வெட்டுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிப் பகுதியில், "பேஜிங் ஆனாலும் செக்மென்டேஷன் ஆனாலும் நிரல் இரண்டு எண்களைக் கொடுக்கிறது, பெயர்தான் வேறு" என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 22 வருடம் பாலிடெக்னிக்கில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்தியவன் நான். மாணவர்கள் மனதிலிருந்து இந்தக் குழப்பத்தை எடுக்க மட்டும் வருடா வருடம் ஒரு வாரம் செலவழித்திருக்கிறேன். அதையே நீங்கள் அச்சில் ஏற்றிவிட்டீர்கள்.

பேஜிங் என்பது நிரலின் முகவரிகளை ஒரே அளவுள்ள பக்கங்களாகப் பிரிப்பது. அதில் நிரல் கொடுப்பது ஒரே எண். 20,000 என்ற முகவரியைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் அளவு 4,096 பைட் என்றால், வகுத்துப் பார்க்க ஈவு 4, மீதி 3,616. ஈவுதான் பக்க எண், மீதிதான் ஆஃப்செட், அதாவது பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பது. ஆனால் ப்ராசசர் வகுத்துக்கொண்டு நிற்பதில்லை. 4,096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. அதனால் கடைசி 12 பிட்டை ஆஃப்செட்டாக ஒதுக்கிவிட்டு, முன்னால் இருப்பதைப் பக்க எண்ணாக எடுத்துக்கொள்கிறது. ஹெக்ஸில் எழுதினால் கண்ணுக்கே தெரியும். மெமரியில் ஒரு பக்கம் உட்காரும் இடத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். நான்காம் பக்கம் ஒன்பதாம் ஃப்ரேமில் இருந்தால்:

```
4E20  ->  4 | E20  ->  9 | E20  ->  9E20
```

9E20 என்பது 40,480. முன் இலக்கம் மட்டும் மாறியது, E20 அப்படியே இருக்கிறது. இந்த வெட்டு நடந்ததே நிரலுக்குத் தெரியாது.

நிரலை வெவ்வேறு நீளமுள்ள செக்மென்டுகளாகப் பிரிக்கும் செக்மென்டேஷனில் அப்படியில்லை. எந்த செக்மென்ட், அதில் எத்தனையாவது பைட் என்று இரண்டு தகவல் தனித்தனியாக வர வேண்டும். செக்மென்ட் 2, ஆஃப்செட் 3,616 என்று வந்தால், ப்ராசசர் அந்த செக்மென்டின் நீளத்தை முதலில் பார்க்கிறது. நீளம் 4,000, தொடக்கம் 50,000 என்றால் தொடக்கத்துடன் ஆஃப்செட்டைக் கூட்டி 53,616-க்குப் போகிறது. நீளம் 3,000 என்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறது.

வகுப்பில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கடைசி பைட்டைத் தாண்டி ஒன்று கூட்டினால் என்ன ஆகும்? பேஜிங்கில் 4FFF-உடன் ஒன்று கூட்டினால் 5000. சத்தமே இல்லாமல் ஐந்தாம் பக்கத்தின் முதல் பைட்டுக்கு வந்துவிடுவோம். செக்மென்டேஷனில் அதே ஒன்றைக் கூட்டினால் நீளத்தைத் தாண்டிய பிழை. அடுத்த செக்மென்டுக்குள் நழுவிப் போகவே முடியாது. பெயர் மட்டும்தான் வேறு என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் இதழில் வந்த படத்தில், ஃப்ரேமுக்குப் போகும் வழியில் ஆஃப்செட்டும் மாறியிருந்தது. அப்போதே எழுதினேன். பதில் இல்லை. சரி, வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட தவறு எங்கே போய் முடியும் என்று நான் பார்த்தவன். ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில், முகவரி 2,500-ஐப் பிரிக்கச் சொன்ன கேள்வி. பக்க அளவு 1 கேபி. ஒரு மாணவி 1,024-ஆல் வகுத்து பக்கம் 2, ஆஃப்செட் 452 என்று சரியாக எழுதியிருந்தாள். விடைக்குறிப்பிலோ 1,000-ஆல் வகுத்து ஆஃப்செட் 500 என்று இருந்தது. 1,000 இரண்டின் அடுக்கே இல்லை, பிட்டை வெட்டிப் பிரிக்க வழியே கிடையாது என்று அரை மணி நேரம் வாதாடினேன். "குறிப்பில் இருப்பதற்குத்தான் மார்க்" என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு மார்க் போயிற்று. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. லினக்ஸில் நிரல் தவறான முகவரியைத் தொட்டால் திரையில் `Segmentation fault` என்று வரும். அதைப் பார்த்துவிட்டு, லினக்ஸ் மெமரியைப் பிரிப்பது செக்மென்டேஷனில்தான் என்று வாதிட்ட மாணவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் அங்கே அனுமதியைச் சோதிப்பது, எந்தப் பக்கம் எந்த ஃப்ரேமில் என்று குறித்திருக்கும் பக்க அட்டவணையை வைத்துத்தான். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு இது தெரியாததல்ல. கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும்!

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். "பேஜிங்கில் நிரல் தருவது ஒரே எண், அதைப் பிரிப்பது வன்பொருள்" என்று இருந்தால் போதும். பெட்டிச் செய்தியாகக்கூட வேண்டாம், பக்கத்தின் அடியில் இடம் இருந்தால் அங்கேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
தஞ்சாவூர்