பத்து சென்ட் சோதனை

ஆத்தூர்,
ஐப்பசி 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு முழுக்க மருந்தும் வெந்நீரும்தான், அதனால் உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. மழை பரவாயில்லை. வசிஷ்ட நதியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கவே தினமும் பாலம் வரை நடக்கிறேன், முட்டிவலி அனுமதிக்கிற வரைக்கும்.

விவசாயி ஒரு புது முறையை எப்படி ஏற்கிறான் என்பதற்கு, உன் ஊரக வளர்ச்சி வகுப்புக்கு நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று கேட்டிருந்தாய். அறிதல், ஆர்வம், மதிப்பீடு, சோதனை, ஏற்பு என்று கரும்பலகையில் ஐந்து படி வரைந்து அம்புக்குறி போட்டு நாமும்தான் படித்தோம். 1957-ல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பீலும் போலனும் அப்படி வரிசைப்படுத்தினார்கள். அதற்கு அடித்தளம் 1943-ல் ரயனும் கிராஸும் அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோள விதையைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. 259 விவசாயிகளில் இரண்டு பேர் தவிர எல்லோரும் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். விதை விற்க வந்தவன் வாயால்தான் பலரும் முதலில் கேள்விப்பட்டார்கள், ஆனால் மனசை மாற்றியது பக்கத்துக் காட்டுக்காரன். முதலில் மாறியவர்கள்கூட ஒரேயடியாக மாறவில்லை, கொஞ்சமாகப் போட்டுப் பார்த்து வருஷா வருஷம் கூட்டினார்கள்.

அந்தச் சோளத்தில் ஒரு வசதி இருந்ததை நாம் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து வரப்பில் பழைய விதை நிற்பதால் உன் புது விதையின் விளைச்சல் குறையப்போவதில்லை. சின்னத் துண்டில் போட்டுப் பார்த்தாலும் உண்மை தெரியும். நம்ம குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, அந்தக் கொடுப்பினை இல்லை. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏத்தாப்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மரவள்ளித் தேமல் நோய்க்காகக் கூட்டம் போட்டோம். டீ, போண்டா, பதிவேட்டில் அறுபது கையெழுத்து. 'விழிப்புணர்வு பெற்றோர் 60' என்று அறிக்கையும் எழுதியாயிற்று. உண்மையில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, ஒருபக்கம் சுருண்டு கோணிப்போவது கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். 'வெயில் சூடு', 'சத்துக் குறைச்சல்' என்று காரணமும் வைத்திருந்தார்கள். அது நச்சுயிரி, வெள்ளை ஈ பரப்புகிறது, அதைவிட முக்கியமாக நாம் நடும் குச்சியிலேயே அது ஒளிந்து வருகிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குப் புதுச் செய்தி. அந்த ஒன்றைக் கேட்டுப் போனவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அந்தப் பத்தில் ஒரு இளைஞன் அடுத்த நாளே அலுவலகத்துக்கு வந்தான். இரண்டு ஏக்கர்க்காரன். நோயில்லாத செடியாகப் பார்த்துக் குச்சி எடுத்து, பத்து சென்டில் மட்டும் நட்டுப் பார்ப்பது என்று பேசி முடித்தோம். மூன்றடிக்கு மூன்றடி வைத்தால் ஏக்கருக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கரணை, பத்து சென்டுக்கு ஐந்நூறுக்குள். ஒரு குச்சியில் நுனியையும் அடியையும் கழித்துவிட்டு நடுப்பகுதியில் எட்டுப் பத்துக் கரணை வெட்டலாம். ஆக ஐம்பது அறுபது நல்ல குச்சி போதும். இரண்டு பேரும் ஒரு வாரம் காடு காடாக அலைந்து பொறுக்கினோம்.

அவன் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார்: "ஏனுங்க சார், சுத்தியும் சீக்கு நிக்குது, நடுவுல இவன் செடி மட்டும் எப்படிங்க தப்பிக்கும்?" நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். மனசுக்குள் அவரை, புதியதைக் கடைசியில் ஏற்கும் 'பின்தங்கியோர்' கட்டத்தில் போட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முளைத்து வந்தபோது பத்து சென்ட் பளிச்சென்று இருந்தது. ஐந்தாம் மாதம் போனால் பாதிக்கு மேல் தேமல். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எல்லாம் ஒன்னுதான் சார்" என்றான். மறு வருஷம் பழையபடி எவனோ குவித்து வைத்திருந்த குச்சியை வாங்கி நட்டுவிட்டான்.

அன்றைக்கு நான் ஒரு செடியைக் குனிந்து அடியிலிருந்து பார்த்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். குச்சியோடு வந்த நோய் என்றால் முதல் இலையிலிருந்தே தேமல் இருக்கும். நட்ட பிறகு வெள்ளை ஈ கொண்டுவந்தது என்றால் கீழ் இலைகள் சுத்தமாக இருக்கும், மேலே கொழுந்துப் பக்கம்தான் திட்டு விழும். அவன் செடியில் கீழ் இலை அத்தனையும் சுத்தம் என்பது பின்னால் யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது! அதாவது குச்சித் தேர்வு சரியாகவே வேலை செய்திருக்கிறது. தோற்றது சோதனையின் அளவு. நோயாளிகள் வார்டுக்கு நடுவில் ஒரு கட்டிலில் ஆரோக்கியமானவனைப் படுக்கவைத்துவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று சொன்ன கதை. பாட்டி மதிப்பீட்டுப் படியை எனக்கு முன்னாலேயே ஏறி முடித்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து வேறு மாதிரி முயன்றோம். வரப்பு ஒட்டிய நான்கு குடும்பங்கள், ஆறு ஏக்கர், ஒரே சமயத்தில். அந்தப் பையனைத் திரும்ப இழுக்கத்தான் பெரும்பாடு. கேள்விப்படாதவனைச் சம்மதிக்கவைப்பது சுலபம், ஒருமுறை நட்டுத் தோற்றவனை அல்ல. முதல் இரண்டு மாதத்துக்குள் அடியிலையில் தேமல் தெரிந்த செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தம். பிடுங்கத்தான் யாருக்கும் கை வரவில்லை, "கிழங்கு வெக்கும்ங்க, பாவம்" என்றார்கள். பாட்டிதான் முதல் செடியைப் பிடுங்கிப் போட்டார்.

அந்த வருஷம் தேமல் ஒழியவில்லை, ஆனால் நன்றாகவே குறைந்தது. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கின் மாவுச்சத்து அளவை, அதாவது பாயிண்டைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள் அல்லவா, எடையும் பாயிண்டும் சேர்ந்து சீட்டில் வந்தபோதுதான் பையன் மனசு மாறியது. பத்து மாதப் பயிரில் அந்தச் சீட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆறு மாதத் திட்டம் போட்டு, முடிவில் 'ஏற்றவர் எத்தனை பேர்' என்று கணக்குக் கேட்கும் மேலதிகாரிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ரிடையர்மெண்ட் வந்துவிட்டது.

பிள்ளைகளிடம் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ ரக்ஷா மாதிரி தேமலைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. எதிர்ப்பு செடிக்குள்ளேயே இருப்பதால் அதைப் பத்து சென்டில் போட்டாலும் சோதனை பொய் சொல்லாது, அயோவா சோளம் மாதிரிதான். ஆலைக்காரன் அதன் பாயிண்டை ஒத்துக்கொள்வானா என்பதுதான் அங்கே விவசாயியின் கேள்வி. நோய் ஒன்றே, ஆனால் எந்தப் படியில் ஆள் சறுக்குவான் என்பது குச்சித் தேர்வுக்கும் இந்த ரகத்துக்கும் வேறு வேறு.

ஏற்பை எப்படி அளப்பது என்று கேட்டிருந்தாய். "நோயில்லாத குச்சி நட்டீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், மரியாதைக்கு. "இந்த வருஷக் குச்சி எங்கிருந்து வந்தது?" என்று கேள். மானியமும் நானும் போன பிறகு, தன் காட்டுச் செடியிலிருந்து தானே பொறுக்கினான் என்றால்தான் அது ஏற்பு. கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. வெட்டுக்கு வரும்போது இலை பெரும்பாலும் கொட்டிவிடும், நல்ல குச்சியும் சீக்குக் குச்சியும் ஒரே மாதிரி நிற்கும். அதனால் பொறுக்குகிறவன் இலை இருக்கும்போதே நல்ல செடியில் துணிக்கிழிசல் கட்டி வைப்பான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த மாதக் கடைசிக்குள் வா, அப்புறம் இலை கொட்டிவிடும். பாட்டி இப்போது இல்லை. அவருடைய பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துத்தான் பேரன் இந்த வருஷம் கட்டியிருக்கிறான், ரோட்டிலிருந்தே தெரியும். மதியச் சாப்பாடு நம்ம வீட்டில். எத்தனை பேர் என்று மட்டும் முன்னாடியே எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்