கேலிப்ரேஷன் கடைசியில்தான்: வகுப்பறை மின்பலகைகள் பற்றி ஒரு திறந்த மடல்

பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கும் மின்பலகைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மின்பலகைகள் பலவற்றில் பேனா தொடும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறு. புகார் கொடுத்தால் ஒருவர் வருகிறார், தொடும் இடத்தையும் திரையில் விழும் இடத்தையும் பொருத்தும் கேலிப்ரேஷனை ஓட்டுகிறார், திரையில் வரும் சிலுவைக் குறிகளை வரிசையாகத் தொடுகிறார், சரியாகிவிட்டது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. நான் கேட்பது ஒன்றுதான்: கேலிப்ரேஷனை முதல் வேலையாகச் செய்யாதீர்கள், கடைசி வேலையாகச் செய்யுங்கள்.

தொடக்கநிலை 2 பிள்ளைகளுக்குப் புள்ளி இல்லாத சொற்களைத் திரையில் காட்டி, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்வது வழக்கம். 'படடம' என்று இருக்கும். பிள்ளை முதல் 'ட'வின் மேல் சரியாகத்தான் பேனாவை வைக்கிறது. புள்ளியோ அடுத்த எழுத்தின் தலையில் போய் விழுகிறது. தான் வைத்தது தப்பு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஓர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே இருப்பது புரொஜெக்டர் படம் விழும் பலகை. அதைச் சுற்றியுள்ள சட்டத்தில் அகச்சிவப்பு விளக்குகள் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் அவற்றைப் பார்க்கும் சென்சார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரலோ பேனாவோ எந்தக் குறுக்குக் கதிரை, எந்த நெடுக்குக் கதிரை மறைக்கிறது என்று பார்த்துத்தான் பலகை இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த அறையில் இரண்டு கோளாறு: நெஞ்சுயரத்தில் ஒரு பட்டை முழுக்க எழுதவே வராது, மற்ற இடங்களில் எழுதினால் தள்ளி விழும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாகக் கேலிப்ரேஷன் செய்யப்பட்டது. அதன் பிறகு நிலைமை மோசமானது. ரூலர் வைத்து நேராக இழுத்த கோடு நடுவில் வில்லாக வளைந்தது.

ஏன் என்று பார்த்தால் புரியும். சிலுவைக் குறிகளில் ஒரு வரிசை அந்தச் செத்த பட்டைக்குள் வருகிறது. தொட்டால் பலகை ஏற்கவில்லை. தொடுபவர் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே என்று அழுத்திப் பார்க்கிறார், ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. சிலுவை இருக்கும் இடம் அதுதான் என்று பலகை அந்தத் தப்பான இடத்தைப் பதிந்துகொள்கிறது. பட்டை செத்திருக்கும்போது கேலிப்ரேஷன் செய்தால் நல்லாயிருந்த பகுதியும் கெட்டுப்போகும்.

செத்த பட்டையைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். பெயிண்ட் மென்பொருளைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒரு சாண் இடைவெளியில் மெதுவாகக் கோடுகள் இழுத்தோம். எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் அறுந்தன. அப்படியென்றால் குறுக்கே ஓடும் கதிர்கள் அந்த உயரத்தில் மறைகின்றன. இடது, வலது சட்டங்களில் அதே உயரத்தில் பார்க்க வேண்டும். குறுக்கே இழுக்கும் கோடுகள் ஒரே நேர்வரிசையில் அறுந்தால் மேல், கீழ்ச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். எங்கள் விஷயத்தில் இடது சட்டத்தின் உள்விளிம்பில் புளூ டேக் துண்டு ஒன்று அப்பியிருந்தது, யாரோ சுவரொட்டி ஒட்டியபோது ஒட்டியது. கீழ்ச் சட்டத்தில் மார்க்கர் தூள் கறுப்பாகப் படிந்திருந்தது. சில அறைகளில் மூலையில் சிலந்தி வலையும் இருக்கும், அதுவும் போதும்.

பலகையின் மின்சாரத்தை நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து, சட்டத்தின் கறுப்புப் பட்டியை நான்கு பக்கமும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தோம். திரவத்தை நேரே சட்டத்தில் தெளிக்கக் கூடாது, உள்ளே இறங்கிவிடும். துடைத்ததும் பட்டை உயிர்பெற்றது. துடைத்த பிறகும் அதே இடம் அறுந்தால், அங்கே விளக்கோ சென்சாரோ போயிருக்கலாம். அது உங்கள் வேலை, துணியால் தீராது. மூலைகளில் கேமரா வைத்த பலகைகளில் செத்த இடம் மூலையிலிருந்து ஆப்பு வடிவில் விரியும். அங்கே கேமராக் கண்ணாடியைத்தான் துடைக்க வேண்டும்.

சரி, செத்த பட்டைக் கோளாறு தீர்ந்தது. தள்ளி விழுவது போகவில்லை. இங்கேதான் எங்கள் பள்ளிகளின் நடைமுறை குறுக்கே வருகிறது. தாய்மொழிப் பாடத்துக்குப் பிள்ளைகள் பிரிந்து வேறு வேறு அறைகளுக்குப் போவார்கள். தமிழாசிரியர் பெரும்பாலும் இன்னொருவர் வகுப்பறையில், சொந்த மடிக்கணினியைச் செருகித்தான் பாடம் நடத்துகிறார். அந்த அறையின் புரொஜெக்டரின் ரெசல்யூஷன் 1280 × 800. என் கணினி அனுப்பியது 1920 × 1080. விகிதம் வேறு என்பதால் படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படத்தின் உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. பலகை மட்டும் பழைய முழு உயரத்தையே நம்பிக்கொண்டிருந்தது. 120 செ.மீ. உயரப் படத்தில் நடுவில் பிசகே தெரியாது. மேல் விளிம்பில் கர்சர் 5 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கி விழும், கீழ் விளிம்பில் அதே அளவு மேலே ஏறி விழும்.

பிசகின் உருவமே காரணத்தைச் சொல்லிவிடும். நடுவில் சரி, விளிம்புக்குப் போகப்போக அதிகம் என்றால் ரெசல்யூஷனையும் விகிதத்தையும் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே பக்கம் என்றால் புரொஜெக்டர் அசைந்திருக்கிறது. தாங்கியின் திருகைப் பாருங்கள். பலகையில் தொட்டால் கர்சர் மடிக்கணினித் திரைக்கே ஓடிப்போனால் கணினி நீட்டித்த திரையில் இருக்கிறது. Win + P அழுத்தி Duplicate தேர்ந்தால் போதும்.

அந்தப் பலகை கேலிப்ரேஷனைத் தன் சட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வகை. நான் என் கணினியோடு கேலிப்ரேஷன் செய்தால் வகுப்பாசிரியருக்குக் கெடும், அவர் செய்தால் எனக்குக் கெடும். திரும்பத் திரும்ப வந்த புகாருக்கு இதுதான் காரணம், பலகையில் குறையே இல்லை. இருவரும் 1280 × 800 வைத்துக்கொண்டோம். அதன் பிறகு ஒரே ஒரு முறை கேலிப்ரேஷன், சிலுவையின் நட்டநடுவில் பேனா முனையை வைத்து, அசைக்காமல். புள்ளி புள்ளியிடத்தில் விழுந்தது.

கேபிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடுதல் விட்டுவிட்டு வேலை செய்தால், விண்டோஸ் யுஎஸ்பி கழற்றும் ஓசையை அடிக்கடி எழுப்பினால், அது கேலிப்ரேஷன் சமாசாரமே இல்லை. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரைதான். அதற்கு மேல் நடுவில் சிக்னலைப் புதுப்பிக்கும் ஆக்டிவ் கேபிள் வேண்டும். எங்கள் அறைகள் சிலவற்றில் சாதாரணக் கேபிளோடு இன்னொன்றை ஒட்டு போட்டு மேசை வரை கொண்டுவந்திருக்கிறார்கள். மடிக்கணினியைப் பலகையருகே கொண்டுபோய்க் குட்டைக் கேபிளில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் நீளக் கேபிளை மாற்றுங்கள்.

உங்களிடம் கேட்பவை இவை. புகார்ப் படிவத்தில் 'தொடுதல் சரியில்லை' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, பெயிண்டில் இழுத்த கோடுகளின் படத்தை இணைக்க இடம் கொடுங்கள். பாதி நோய் அதிலேயே தெரியும். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் அந்த அறையின் ரெசல்யூஷனையும் கேலிப்ரேஷன் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் ஒட்டுங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதி விடுமுறைகளில் சட்டங்களைத் துடைப்பதைப் பராமரிப்புப் பட்டியலில் சேருங்கள். ஒட்டு போட்ட யுஎஸ்பி கேபிள்களை மட்டும் விடுமுறைவரை காத்திருக்காமல் மாற்றிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்